முப்பது விநாடி நகைக்கடை விளம்பரம்: மூன்று ஸ்டோரிபோர்டில் எதை எடுப்பது?

கும்பகோணம் அளவுள்ள ஊரில் இரண்டு மாடி நகைக்கடை. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் லோக்கல் சேனலிலும் ஊர்த் தியேட்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓட முப்பது விநாடி விளம்பரம் ஒன்று வேண்டும். முதலாளி ஒதுக்கியிருப்பது மூன்று லட்சம். அதில் எண்பதாயிரம் எடிட்டிங், கலர், இசை, குரலுக்குப் போய்விடும். எதிர்பாராத செலவுக்கென்று நாற்பத்தைந்தாயிரத்தை எடுத்து வைத்தாக வேண்டும். மிச்சம் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஆட்கள், கேமரா, லைட், மேக்கப், சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். ஊருக்கு ஊர் வாடகை மாறும். ஆனாலும் இந்தத் தொகைக்கு ஒரு நாள் கால்ஷீட்தான் கட்டுப்படியாகும் என்பது அநேகமாக எங்கும் பொருந்தும்.

இப்படி ஒரு கடைக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட்களைப் படம் படமாக அடுக்கிய திட்டம், போட உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று யோசனைகளில் ஒன்றுதான் மேசைக்கு வரும். கல்யாண வீட்டுக் கதை ஒன்று. ஆளே இல்லாமல் நகையை மட்டும் அருகில் காட்டுவது இன்னொன்று. கடைக்குள்ளேயே ஓரிரு முகங்களும் கொஞ்சம் நகை குளோசப்புமாகக் கலந்து எடுப்பது மூன்றாவது. நான்காவதாக முதலாளியே கேமராவைப் பார்த்துப் பேசுவதும் உண்டு. லலிதா ஜுவல்லரி கிரண்குமார் அப்படிப் பேசியே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். செலவில் அதுதான் மிகக் குறைவு. ஆனால் அது முழுக்க அந்த மனிதரின் பேச்சை நம்பி நிற்பது. ஸ்டோரிபோர்டு போட்டு அதைக் காப்பாற்ற முடியாது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றில் எது நல்ல கதை என்று கேட்டு முடிவெடுப்பதுதான் வழக்கம். குறைந்த பட்ஜெட்டில் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த ஸ்டோரிபோர்டுக்கு எத்தனை முறை லைட்டை மாற்ற வேண்டியிருக்கும்? பணத்தையும் நேரத்தையும் தின்பது ஷாட்களின் எண்ணிக்கையை விட லைட் மாற்றங்களின் எண்ணிக்கைதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். சாமான் இறக்கி வயரிங் போட ஒரு மணி நேரம், டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை, கடைசியில் கட்டி ஏற்றவும் நகையை எண்ணி ஒப்படைக்கவும் ஒன்று. ஆக, படம் பிடிக்கக் கிடைப்பது எட்டரை மணி நேரம். சின்ன யூனிட்டில் ஒரு இடத்தை லைட் செய்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். லைட் நின்ற பிறகு ஆள் இருக்கும் ஷாட் ஒன்றுக்கு இருபது நிமிடம். நகை குளோசப் என்றால் நாற்பது நிமிடம். ஒரு விரல் ரேகையைத் துடைத்து, சங்கிலியைத் திரும்ப அடுக்கி, ஃபோகஸ் பார்ப்பதற்குள்ளேயே இருபது நிமிடம் ஓடிவிடும்.

இந்த அளவுகோலைக் கல்யாண வீட்டுக் கதையின் மேல் வைத்தால், மணமகள் அறை, கண்ணாடி, வாசல், மணமேடை, அப்பா ஓரமாக நின்று கண் துடைப்பது, தாலி கட்டும் நேரம் என்று எவ்வளவு சுருக்கினாலும் ஒன்பது லைட்டிங்குக்குக் கீழே வராது. ஒரு லைட்டிங்குக்கு முக்கால் மணி வீதம் ஒன்பதுக்கும் ஆறே முக்கால் மணி. அதற்குள் பதினாறு ஷாட் வைத்தால் இன்னும் ஐந்து மணி இருபது நிமிடம். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது, கிடைப்பதோ எட்டரை. அதாவது இரண்டு நாள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. மண்டபம் காலியாக இருக்கும், வாடகை குறையும், மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டும் கிடைப்பார். ஆவணிக்கான விளம்பரத்தை ஆடியில் எடுப்பது எல்லா வகையிலும் லாபம்தான். ஆனாலும் இந்தக் கதையை இழுத்துப் பிடிப்பது மண்டபம் இல்லை, கூட்டம். நம் கண்ணுக்குக் கல்யாண வீடு என்றால் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இருநூறு பேர் போலக் காட்ட முயன்றால், வைடு ஷாட் வந்த மறு விநாடி குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றையும் குளோசப்பிலேயே எடுத்துத் தப்பிக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால் எதற்காக மண்டபத்துக்குப் போனோம் என்ற கேள்வி வரும். இதே கதையைத்தான் பெரிய கடைகள் நட்சத்திரங்களை வைத்து எடுக்கின்றன. பார்ப்பவர் மனத்தில் நம் படம் அந்தப் படத்தின் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

அதைவிட முக்கியமானது, நகை கடையை விட்டு வெளியே போகிறது. ஒரு கல்யாணப்பெண் மேல் ஆரம், நெக்லஸ், ஒட்டியாணம், வங்கி, நெத்திச்சுட்டி, வளையல் என்று போட்டால் எழுபது எண்பது பவுன் சாதாரணமாக வந்துவிடும். அதற்கு டெலிவரி சலான் போட வேண்டும், கூடவே ஆள் வர வேண்டும். கடையின் இன்சூரன்ஸ் வெளியிடத்தில் இருக்கும் சரக்குக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் நம்பக் கூடாத இடம் இது. கவரிங் நகை போட்டு எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வைடு ஷாட்டில் யாருக்கும் தெரியாது. குளோசப்பில், நகை வாங்கப் போகிற அம்மாக்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்குத்தான் இந்த விளம்பரமே.

இரண்டாவது யோசனை, நகை மட்டும். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், நான்கு பேர். நகை கடையின் மாடியைத் தாண்டாது. இது எளிது என்று நினைத்து இறங்குபவர்கள்தான் அதிகம், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தங்கம் பளபளப்பதற்கும் வைரம் மின்னுவதற்கும் வேண்டிய லைட் ஒன்றுக்கொன்று எதிர். தங்கத்துக்கென்று தனியாக ஒரு தோற்றம் கிடையாது. எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். வளைவான வளையல் ஒன்றில் ட்ரைபாட், கேமராமேனின் சட்டை, மேலே ஓடும் ஃபேன் எல்லாம் தெரியும். போலரைசர் போட்டால் போய்விடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கண்ணாடி, தண்ணீர் மேல் விழும் பிரதிபலிப்பைக் குறைக்கிற அந்த ஃபில்டர் உலோகப் பரப்பில் அப்படி வேலை செய்யாது. எனவே நகையைச் சுற்றி ட்ரேசிங் பேப்பரால் சின்னக் கூடாரம் கட்டி, வெளியிலிருந்து பெரிய மென்மையான வெளிச்சம் கொடுத்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட வேண்டும். அப்படி நாலாபுறமும் வெள்ளையாக்கினால் அடுத்த தொல்லை வரும். தங்கம் தட்டையாகி மஞ்சள் பிளாஸ்டிக் போலாகிவிடும். உள்ளே இரண்டு பக்கமும் விரல் அகலக் கறுப்பு சார்ட் கீற்றுகளை நிறுத்தினால்தான் விளிம்பில் கருங்கோடு விழுந்து உருண்டை வடிவம் திரும்பக் கிடைக்கும். மேசையில் விரிக்கும் துணியும் தங்கத்துக்குள் இறங்கும். சிவப்புப் பட்டில் வைத்தால் தங்கம் செம்பு நிறத்துக்குச் சாயும், பச்சையில் வைத்தால் வெளிறும். அடர்ந்த அரக்கு, கறுப்புக் கல், பழைய தேக்குப் பலகை இவை மூன்றும் கை கொடுக்கும்.

இதே கூடாரத்துக்குள் வைரத் தோட்டை வைத்தால் செத்துப்போய்க் கிடக்கும். வைரம் மின்ன வேண்டுமானால் சின்னதாய், கூர்மையாய், நேராய் விழும் வெளிச்சம் வேண்டும். அதோடு ஏதாவது ஒன்று நகர வேண்டும். கல்லாவது சுற்ற வேண்டும், லைட்டாவது அசைய வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன டர்ன்டேபிளும் கையில் ஒரு டார்ச்சும் இதற்குப் போதும். ஆனால் முழு அமைப்பையும் கலைத்து மாற்றிக் கட்ட வேண்டும். அதனால் ஸ்டோரிபோர்டில் தங்கமும் வைரமும் மாறி மாறி வந்தாலும், எடுக்கும் வரிசையைச் சொல்லும் ஷாட் லிஸ்டில் தங்கம் எல்லாம் ஒரு கட்டு, வைரம் எல்லாம் இன்னொரு கட்டு. கெம்பு, பச்சைக் கல் வைத்த ஆன்டிக் நகை மூன்றாவது வகை. அதன் மங்கல் மெருகுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் வைக்காமல் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

மூன்று வகைக்கும் கணக்கு: மூன்று லைட்டிங் இரண்டேகால் மணி, பன்னிரண்டு ஷாட் நாற்பது நிமிட வீதம் எட்டு மணி, ஆகப் பத்தேகால். ஒரு நாளைத் தாண்டும். ஆனால் நான்கே பேர், மாடி அறை, மறுநாள் அரை நாள் நீட்டினாலும் பெரிய செலவில்லை. ஒன்றரை லட்சத்துக்குள்ளேயே முடித்துவிடலாம்.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் மேல் இல்லாத நகைக்கு அளவு கிடையாது. தியேட்டர் திரையில் இரண்டு கிராம் ஜிமிக்கி கோயில் மணி அளவுக்குத் தொங்கும், பெரிய காசு மாலையும் அதே அளவில்தான் தெரியும். பார்ப்பவருக்கு எது எத்தனை பவுன் என்ற ஊகமே வராது. இரண்டாவது குறை, கடை எது என்பது கடைசி நாலு விநாடியில்தான் தெரியும். அந்தப் பெயர்ப்பலகையை மாற்றினால் அது எதிர்க் கடை விளம்பரமாகிவிடும். பன்னிரண்டு, பதிமூன்று விநாடிகளுக்கு மேல் கண் அலுத்தும் போகிறது. ஆறு பத்து விநாடி ரீல்ஸ் துண்டுகளாக வெட்டிப் போட இந்த முறை மிக நல்லது. முப்பது விநாடியைத் தனியாகச் சுமக்க வைப்பதுதான் அதிகம்.

மூன்றாவது வழியை இப்போது ஷாட் ஷாட்டாகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் மூன்று லட்சத்துக்கு என் தேர்வு அதுதான். அம்மாவும் கல்யாணம் நிச்சயமான மகளும் கடைக்கு வருகிறார்கள். மகளுக்கு ஆரம் பார்க்கிறார்கள். அம்மாவின் கண் ஒரு வைரத் தோட்டின் மேல் நின்று நகர்கிறது. மகள் அதைக் கவனித்து, எடுத்து அம்மா காதில் வைத்துப் பார்க்கிறாள். வசனம் ஒன்றும் இல்லை. உதட்டசைவு இல்லாததால் லைவ் சவுண்ட் வேண்டாம், சவுண்ட் ஆளின் செலவும் மிச்சம்.

திரையில் வரும் வரிசை இப்படி. ஆரத்தின் பதக்கத்தின் மேல் வெளிச்சம் நகர்கிறது, இரண்டு விநாடி. கடையின் வைடு, இருவரும் கவுன்டரில், ட்ரே வருகிறது, இரண்டரை. மகள் முகம், இரண்டு. ஜிமிக்கி ஆடுகிறது, ஒன்றரை. ட்ரேயில் கை ஆரத்தை எடுக்கிறது, ஒன்றரை. கண்ணாடி முன் அம்மா பின்னால் நின்று ஆரத்தைப் போட்டுவிடுகிறாள், மூன்று. கண்ணாடியில் மகள் முகம், இரண்டரை. அம்மாவின் பார்வை பக்கவாட்டில் போகிறது, இரண்டு. தோடு சுழல்கிறது, ஒன்றரை. பெட்டிக்குள் ஜோடி, ஒன்றரை. மகளின் விரல்கள் அம்மாவின் காதில் தோட்டை வைக்கின்றன, மூன்று. இருவரும் சிரிக்கிறார்கள், இரண்டரை. இதுவரை இருபத்தைந்தரை விநாடி, பன்னிரண்டு ஷாட். மிச்சமுள்ள நாலரை விநாடிக்குக் கடைப் பெயரும் தெருவும் தொலைபேசி எண்ணும்.

இந்த வரிசையில் எடுக்கப் போனால் கதை கந்தல்தான். ஷாட் லிஸ்டில் இதே பன்னிரண்டும் நான்கு கட்டுகளாகின்றன. கவுன்டர் லைட்டிங்கில் நான்கு ஷாட், கண்ணாடி லைட்டிங்கில் நான்கு, தங்க மேசையில் இரண்டு, வைர மேசையில் இரண்டு. நான்கு லைட்டிங் மூன்று மணி, ஆள் ஷாட் எட்டும் இரண்டு மணி நாற்பது நிமிடம், நகை ஷாட் நான்கும் அதே இரண்டு மணி நாற்பது. மொத்தம் எட்டு மணி இருபது நிமிடம். எட்டரையில் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தை நம்பி ஐந்தாவது லைட்டிங்கைச் சேர்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடை வாசலில் இருந்து நடந்து வருவது போல ஒரு ஷாட் வேண்டும் என்று முதலாளி கேட்பார். கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை.

எந்தக் கட்டை முதலில் எடுப்பது என்பதைக் கடையின் வழக்கம்தான் முடிவு செய்கிறது. இரவில் கடை மூடிய பிறகு எடுத்தால் தொந்தரவில்லை என்று தோன்றும். ஆனால் இரவில் நகை எல்லாம் லாக்கருக்குள் போய்விடும். ஷோகேஸில் வெறும் வெல்வெட் கழுத்துகள் நிற்கும். வைடு ஷாட்டுக்காக மறுபடி எல்லாவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும், அடுக்கும் ஆட்களும் இருக்க வேண்டும். காலையில் எப்படியும் அடுக்கத்தானே போகிறார்கள், அதை முன்னால் தள்ளிக்கொள்வது மேல். பல கடைகளில் லாக்கருக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். அந்த இருவரும் ஆறரைக்கு வர வேண்டும் என்பது ஷாட் லிஸ்டின் முதல் வரியாக இருக்கட்டும், கேமரா கோணத்துக்கும் முன்னால்.

மேக்கப் நாலரைக்குத் தொடங்குகிறது. ஏழு மணிக்குக் கவுன்டர் லைட்டிங், ஒன்பது அடித்துக் கொஞ்சத்தில் நான்கு ஷாட்டும் முடியும். கடை பத்துக்குத் திறந்தாலும் கீழ்த்தளம் வாடிக்கையாளருக்குத் தயார். பிறகு மாடியில் கல்யாண நகைப் பிரிவின் மூலையில் கண்ணாடிக் கட்டு, மதியத்துக்குள் முடியும். நடித்த இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். அவர்களுக்கு அரை நாள் சம்பளம் பேச முடிவது இந்த வரிசையால்தான். பிற்பகல் முழுவதும் மாடி அறையில் மேசை. நாள் மட்டும் ஆடிப்பெருக்காகவோ ஆடி வெள்ளியாகவோ அமைந்துவிடக் கூடாது. ஆடிப்பெருக்கன்று ஒரு கிராமாவது வாங்க வரும் கூட்டம் தனி.

கடையின் விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கக் கவுன்டரில் மஞ்சள் சாய்ந்த விளக்கும் வைரக் கவுன்டரில் வெள்ளை விளக்கும் போடுவது வழக்கம். இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் ஒரு பக்கம் முகம் மஞ்சள், மறுபக்கம் நீலம். எடிட்டில் முழுதாகச் சரியாகாது. கேமரா போகும் பக்கம் ஏதாவது ஒரு வகையை அணைத்துவிட வேண்டும். இன்னொன்று, சில ஷோகேஸ் எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். நம் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ், அதனால் அந்தத் துடிப்பு விநாடிக்கு நூறு முறை. இருபத்தைந்து ஃபிரேமில், ஷட்டர் ஐம்பதில் ஒன்றாக வைத்து எடுத்தால் பெரும்பாலும் தெரியாது. ஸ்லோ மோஷனுக்காக விநாடிக்கு நூறு ஃபிரேம் போய் ஷட்டரை இருநூறில் ஒன்றாக்கினால் திரையில் வெளிச்சம் பட்டை பட்டையாக மாறித் தெரியலாம். அதனால் ஜிமிக்கி ஆடும் ஸ்லோ ஷாட்டை மேசைக் கட்டில், நம் சொந்த லைட்டில் வைத்திருக்கிறேன். கவுன்டரில் ஸ்லோ மோஷன் எழுதப்பட்டிருந்தால் முன்தினமே ஒரு முறை எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாமல் போகலாம்.

ஸ்டோரிபோர்டை எதில் போடுவது என்பதிலும் இரண்டு வழி. ஆர்ட்டிஸ்டை வைத்து வரைவது ஒன்று, செல்போனில் ஃபோட்டோ எடுத்து ஒட்டுவது மற்றொன்று. வரைந்த போர்டு முதலாளிக்குப் பிடிக்கும். சட்டம் போட்டு மாட்டத் தோன்றும். கல்யாண வீட்டுக் கதைக்கு வரைவதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஏனென்றால் அந்த இடம் இன்னும் நம் கையில் இல்லை. கடைக்குள் எடுக்கும் கதைக்கு ஃபோட்டோதான். கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களை நிற்க வைத்து, கவரிங் ஆரம் போட்டு, பன்னிரண்டு ஃபோட்டோவை அதே இடத்தில் எடுத்தால், வரைபடம் மறைத்த உண்மைகள் வெளியே வரும். கண்ணாடியில் எந்தக் கோணத்திலிருந்து கேமரா தெரிகிறது, கவுன்டருக்குப் பின்னால் லென்ஸுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, தூண் எங்கே மறைக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பென்சிலில் கண்ணாடி எப்போதும் சொன்னபடி கேட்கும்.

ஒவ்வொரு படத்தின் மேலும் நடுவில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமுக்கான நெட்டை வடிவம் அந்தக் கோடுகளுக்குள்தான். ஆரம் இயல்பாகவே நெட்டையாகப் பொருந்தும், அடுக்கிய வளையல் பொருந்தாது. கவுன்டரில் அம்மா ஒரு கோடி, மகள் ஒரு கோடி என்று உட்கார வைத்தால் நெட்டை வடிவத்தில் நடுவில் ட்ரே மட்டும் மிஞ்சும். இருவரையும் தோள் உரச உட்கார வைத்தால் போதும்.

அந்தப் பன்னிரண்டு ஃபோட்டோவையும் எடிட்டிங் ஆப்பில் மேலே சொன்ன விநாடிக் கணக்கில் அடுக்கி, குரலை நம் வாயாலேயே பேசிப் பதிந்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஸ்கிரிப்ட் இங்கே மாட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் நீளம். நிதானமாகப் படித்தால் முப்பது விநாடியில் நாற்பது சொல் தாண்டுவது சிரமம், முகவரியும் அதற்குள். எதை வெட்டுவது என்றால், முதலில் ஹால்மார்க் வரியை வெட்டுவேன். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருந்தாக வேண்டும். சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று சொல்ல மூன்று விநாடி செலவழிப்பது வீண். சேதாரத்தில் தள்ளுபடி என்று சொல்வதானால் அதற்கு நிபந்தனை இருக்கும், அந்த நிபந்தனை படிக்க முடிகிற அளவிலும் நேரத்திலும் திரையில் நிற்க வேண்டும். விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஏ.எஸ்.சி.ஐ. விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. நாலரை விநாடியில் பெயர், முகவரி, நிபந்தனை மூன்றும் கொள்ளாது. சலுகையை ரீல்ஸில் சொல்லிக்கொள்ளலாம். சினிமாப் பாட்டு வேண்டும் என்ற ஆசைக்கும் இங்கேதான் முற்றுப்புள்ளி. உரிமைக் கட்டணம் இந்தப் பட்ஜெட்டைத் தின்றுவிடும். தியேட்டருக்குப் போவதானால் விளம்பரத்துக்கும் சென்சார் சான்றிதழ் உண்டு. ரிலீஸ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது அந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷாட் லிஸ்டில் பொதுவாக ஷாட் எண், கோணம், லென்ஸ், விநாடி என்று கட்டங்கள் இருக்கும். நகைக்கடைக்கு இன்னொரு கட்டம் கூடுதலாக வேண்டும், நகையின் டேக் எண். ஷாட் எடுக்கும்போது நூலில் தொங்கும் பார்கோடு டேக்கைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய டேக் எந்த நகையுடையது என்று குழம்பினால் மாலை ஸ்டாக் டேலி ஆகாது, யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கழற்றுவது, துணியில் துடைப்பது, திரும்பக் கட்டுவது மூன்றும் கடையின் ஒரே ஆளின் பொறுப்பில், வெள்ளைக் கையுறையோடு. யூனிட்டில் வேறு யாரும் நகையைத் தொடக் கூடாது. ஆரம் கழுத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும். அதே கட்டம் கன்டினியுட்டிக்கும் உதவும். கவுன்டரில் எடுத்த ஆரமும் மதியம் மேசையில் வைக்கும் ஆரமும் ஒன்றா என்பதை நினைவை நம்பி விடக் கூடாது. ஒரே மாடலில் மூன்று எடையில் வைத்திருப்பார்கள், பதக்கத்தின் அளவு மாறும். காலையில் வந்த வாடிக்கையாளருக்கு அதே ஆரம் விற்றுப்போய்விடுவதும் நடக்கும். ஷூட்டிங்குக்கு எடுத்தவற்றை அன்று பில் போட வேண்டாம் என்று கவுன்டரில் சொல்லி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பட்ஜெட் மாறினால் தேர்வும் மாறும். கையில் ஒன்றரை லட்சம்தான் என்றால் நகை மட்டும் என்ற வழிக்குப் போய்விடுவேன். அதில் ஒரு ஷாட்டையாவது கழுத்தின் மேலோ காதின் மேலோ வைத்து அளவைக் காட்டுவேன். ஏழெட்டு லட்சமும், மூன்று நான்கு வருடம் அதையே ஓட்டுகிற பொறுமையும் இருக்கிற முதலாளி என்றால் கல்யாண வீட்டுக் கதையை எடுக்கலாம். இந்த ஆவணிக்கு மட்டும் ஓடி, தீபாவளிக்கு வேறு ஒன்று வேண்டுமென்றால் எடுக்கக் கூடாது. மூன்றாவது வழியில் இன்னொரு வசதியும் உண்டு. தீபாவளிக்கு நகை ஷாட் நான்கையும் மட்டும் புதிதாக எடுத்து, குரலை மாற்றி, அதே படத்தைத் திரும்ப ஓட்டலாம்.

கடைசியாக, ஷாட் லிஸ்டின் ஓரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அ, ஆ, இ என்று ஒரு எழுத்து போட்டு வைப்பேன். அ என்றால் இது இல்லாமல் படம் இல்லை. வைடு, அம்மா ஆரம் போட்டுவிடுவது, அம்மாவின் பார்வை, சுழலும் தோடு, காதில் வைப்பது, இந்த ஐந்தும் அ. பெட்டிக்குள் ஜோடி, ஜிமிக்கி, ட்ரேயில் கை மூன்றும் இ. மிச்ச நான்கும் ஆ. மதியம் மூன்று மணிக்குத் தங்க மேசையே இன்னும் முடியவில்லை என்றால் யாரிடமும் விவாதிக்க வேண்டியதில்லை. ஜிமிக்கியை விட்டுவிட்டு வைரத்துக்கு மாற வேண்டும், பெட்டி ஷாட்டையும் விட்டு, சுழலும் தோட்டை மட்டும் எடுக்க வேண்டும். விட்ட மூன்று விநாடியைக் கண்ணாடி ஷாட்டும் கடைசிச் சிரிப்பும் பகிர்ந்துகொள்ளும். அதற்காகவே அந்த இரண்டையும் காலையில் தேவைக்கு மேல் இரண்டிரண்டு விநாடி நீட்டி எடுத்து வைக்கச் சொல்லி ஷாட் லிஸ்டிலேயே எழுதிவிடுங்கள்.